காசோலைப் படத்தில் எழுத்துத் தொகையும் எண் தொகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசோலையின் ஸ்கேன் படத்தைத் திரையில் பார்த்துத் தொகை, தேதி, பெறுநர், கணக்கு விவரங்களைப் பதிவு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொகையைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன, சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எழுத்துல ஒரு தொகை இருக்கு, எண்ணுல வேற தொகை இருக்கு. எது செல்லும்?

சட்டப்படி எழுத்தில் இருப்பதுதான். இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆவது பிரிவில் இதை நேராகவே சொல்கிறது: இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் சொன்ன தொகையே செலுத்த வேண்டிய தொகை. பிரிட்டனின் 1882ஆம் ஆண்டுச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியச் சட்டங்கள் அந்தப் பிரிட்டிஷ் சட்டத்தை அடியொற்றி வந்தவை. ஐரோப்பிய நாடுகள் பல பின்பற்றும் 1931ஆம் ஆண்டு ஜெனீவா காசோலை ஒப்பந்தத்திலும் இதே விதி இருக்கிறது. அதில் கூடுதலாக ஒன்றும் உண்டு: தொகை எழுத்திலேயே இரண்டு இடத்தில் வேறு வேறாக இருந்தால், அல்லது எண்ணிலேயே அப்படி இருந்தால், சிறிய தொகைதான் செல்லும்.

காரணம் எளிது. எண்ணில் ஒரு கோடு இழுத்தால் 1 என்பது 7 ஆகிவிடும், ஒரு சுழி சேர்த்தால் பத்து மடங்காகிவிடும். எழுத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

சட்டமே அப்படிச் சொல்லும்போது எழுத்துத் தொகையை மட்டும் டைப் பண்ணினால் போதாதா?

போதாது. அந்த விதி, பணம் எவ்வளவு என்று தகராறு வரும்போது முடிவு சொல்வதற்கான விதி. படத்தைப் படிப்பவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. நடைமுறையில், இரண்டும் வேறுபட்டால் வங்கி காசோலையைத் திருப்பி அனுப்பலாம். ‘எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபடுகிறது’ என்பது திருப்பி அனுப்பப் பயன்படும் வழக்கமான காரணங்களில் ஒன்று. நீங்கள் எழுத்தை மட்டும் பதிந்துவிட்டால் வேறுபாடு இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேறுபாடு என்பது சில நேரம் கைமறதி, சில நேரம் மோசடியின் தடயம். 1918இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஒரு வழக்கை இந்தத் துறையில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. லண்டன் ஜாயின்ட் ஸ்டாக் வங்கிக்கும் மேக்மில்லன் அண்ட் ஆர்தர் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு அது. நிறுவனத்தின் எழுத்தர் 2 பவுண்டுக்கு என்று சொல்லி ஒரு காசோலையில் கையெழுத்து வாங்கினார். எண் இருக்கும் இடத்தில் 2 என்ற இலக்கத்தைச் சுற்றி இடம் விட்டிருந்தார், எழுத்துக்கான வரி வெறுமையாக இருந்தது. கையெழுத்தான பிறகு 2க்கு முன்னால் 1ஐயும் பின்னால் 0ஐயும் சேர்த்து, எழுத்து வரியில் நூற்று இருபது பவுண்டு என்று எழுதிப் பணத்தை எடுத்துக்கொண்டார். எழுத்தும் எண்ணும் அச்சாகப் பொருந்தின. இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டது நிறுவனத்தின் கவனக்குறைவு என்று தீர்ப்பு வங்கிக்குச் சாதகமாக வந்தது.

நமக்கு இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. இரண்டும் பொருந்துவதாலேயே காசோலை சுத்தமானது என்று ஆகிவிடாது. இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் மற்றதைப் பார்த்து நிரப்பக்கூடாது. காலியைக் காலி என்றே பதிந்து, கொடி போட்டு மேலே அனுப்ப வேண்டும்.

எண் சரியா தெரியலை. எழுத்தைப் பார்த்து எண்ணை நிரப்பலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எழுத்தும் எண்ணும் ஒரே தொகைக்கு இரண்டு சாட்சிகள். ஒரு சாட்சி சொன்னதைக் கேட்ட பிறகு இன்னொரு சாட்சியிடம் கேட்டால், இரண்டாவது சாட்சியம் மதிப்பிழந்துவிடும். எழுத்தில் நாற்பத்தேழாயிரம் என்று படித்துவிட்டு எண்ணைப் பார்த்தால், அங்கே இருக்கும் 1 உங்கள் கண்ணுக்கு 7 ஆகத்தான் தெரியும். இது கவனக்குறைவு இல்லை, கண்ணும் மனமும் இயங்கும் முறையே அப்படித்தான். ஆகவே ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைப் படிக்க வேண்டும். நல்ல மென்பொருளில் இரண்டு பகுதிகளும் தனித்தனியாக வெட்டப்பட்டு வேறு வேறு ஆட்களுக்குப் போகும். முழுப் படமும் ஒரே ஆளுக்கு வந்தால், எண்ணை முதலில் படித்துப் பதிந்துவிட்டு, அதற்குப் பிறகு எழுத்துக்குப் போங்கள். எண்ணில்தான் சந்தேகம் அதிகம் வரும். தெளிவான எழுத்தை முதலில் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகத்தை நேர்மையாகப் பதிய முடியாது.

அப்புறம் முக்கியமானது: சந்தேகம் இருந்தால் ஒரு விடையை ஊகித்துப் போடாமல், சாத்தியமான எல்லா விடைகளையும் எழுதுங்கள். ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம்.

ஒரு காசோலையில் எண் பெட்டியில் 4, அடுத்து ஒரு நேர்கோட்டு இலக்கம், பிறகு 580 என்று இருக்கிறது. அந்த நேர்கோட்டின் தலையில் சிறிய வளைவு. அது 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். எண்ணைப் படிப்பவர் 41,580 அல்லது 47,580 என்று பதிகிறார். எழுத்தைப் படிப்பவருக்கு ‘ஃபார்ட்டி செவன் தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட்’ வரை தெளிவாக இருக்கிறது. கடைசிச் சொல் எய்ட்டியா, எய்ட்டீனா என்று தெரியவில்லை, ஏனென்றால் சொல்லின் வால் மேல் வங்கியின் முத்திரை விழுந்திருக்கிறது. அவர் 47,580 அல்லது 47,518 என்று பதிகிறார்.

```
{
  "figures_raw": "4[1|7],580/-",
  "figures": [41580, 47580],
  "words_raw": "Forty seven thousand five hundred eight[y|een] only",
  "words": [47580, 47518],
  "common": [47580]
}
```

இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பது 47,580 மட்டும். எண்ணில் இருந்த சந்தேகத்தை எழுத்து தீர்த்தது, எழுத்தில் இருந்த சந்தேகத்தை எண் தீர்த்தது. யாரும் யாருடையதையும் பார்த்து எழுதவில்லை என்பதால் இந்த முடிவை நம்பலாம்.

இதே காசோலையில் அந்த இலக்கம் எந்த வளைவும் இல்லாமல், அதே ஆள் தேதியில் எழுதிய 1 போலவே தெளிவாக இருந்திருந்தால்? அப்போது எண் 41,580 என்று மட்டும் பதிவாகும். எழுத்தில் நாற்பத்தேழாயிரம். பொதுவான விடை எதுவும் இல்லை. இது படிக்க முடியாத காசோலை இல்லை, தெளிவாகப் படிக்க முடிந்த, தொகை முரண்பட்ட காசோலை. இதைச் ‘சரிசெய்ய’ யாருக்கும் உரிமை இல்லை. இரண்டையும் உள்ளபடியே பதிந்து, முரண்பாடு என்று கொடி போட்டு அனுப்ப வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டையும் வேறுபடுத்துவதில்தான். தெளிவில்லாததை முரண்பாடு என்று அனுப்பினால் நல்ல காசோலை திரும்பிப் போகும், எழுதிக்கொடுத்தவருக்குக் கெட்ட பெயர். முரண்பாட்டைத் தெளிவில்லாமை என்று நினைத்துப் பொருத்திவிட்டால் தவறான தொகை கணக்கிலிருந்து போய்விடும். இரண்டாவதுதான் மோசமானது, ஏனென்றால் அது பதிவில் எந்தத் தடயமும் விடாது.

பொதுவான விடை ரெண்டு வந்தால் என்ன செய்ய?

அப்படியும் நடக்கும். எண்ணில் 50 அல்லது 15, எழுத்தில் ஃபிஃப்டி அல்லது ஃபிஃப்டீன் என்று இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மங்கினால் ஒன்றை ஒன்று தீர்க்காது. மூன்றாவது ஆள் சாம்பல் நிறப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அவராலும் முடியவில்லை என்றால் படிக்க முடியவில்லை என்று பதிவதுதான் சரியான பதிவு. இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம் என்று ஓட்டெடுத்துத் தொகையை முடிவு செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மூன்று பேரும் ஒரே மங்கலைத்தான் பார்க்கிறார்கள்.

எண் தொகையில் எங்கே அதிகம் ஏமாறுவோம்?

இலக்கத்தைவிட, இலக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவைதான் அதிகம் ஏமாற்றும். தொகைக்குப் பின்னால் போடும் சாய்கோடும் சிறுகோடும் முதலிடத்தில் இருக்கின்றன. 500/- என்பதில் சாய்கோடு நிமிர்ந்து நின்றால் 5001 என்று படித்துவிடுவார்கள். தொடக்கத்தில் இருக்கும் நாணயக் குறி முதல் இலக்கத்தோடு ஒட்டிக்கொண்டால் அதுவும் ஓர் இலக்கம் போலத் தெரியும். பெட்டியின் அச்சிட்ட விளிம்புக் கோட்டின் மேலேயே எழுதப்பட்ட 1 காணாமல் போய்விடும்.

இலக்கங்களுக்குள் 1-7, 4-9, 0-6, 3-8, 5-6 ஆகிய ஜோடிகளைக் கவனியுங்கள். இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது: அதே ஆள் தேதியில் அந்த இலக்கத்தை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். 7க்கு நடுவில் குறுக்குக்கோடு போடுபவர் எல்லா 7க்கும் போடுவார். 1க்கு மூக்கு வைப்பவர் எல்லா 1க்கும் வைப்பார். இது எழுத்துத் தொகையைப் பார்த்து ஊகிப்பது போல இல்லை, கையெழுத்தைக் கையெழுத்தோடு ஒப்பிடுவது. ஆகவே தாராளமாகச் செய்யலாம். தேதியும் தொகையும் ஒரே பேனாவில், ஒரே கையில் எழுதப்பட்டவையா என்று மட்டும் முதலில் உறுதி செய்யுங்கள். இல்லை என்றால் ஒப்பிட முடியாது, அந்த வித்தியாசத்தையே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

எழுத்துத் தொகையில் எழுத்துப்பிழை இருந்தால் அது முரண்பாடா?

இல்லை. ஆங்கிலத்தில் நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் எழுத்துப்பிழை சர்வசாதாரணம். வேறு ஓர் எண்ணாகப் படிக்க வழியில்லை என்றால் பிழை பிழைதான், தொகை மாறவில்லை. பிழையை உள்ளபடியே ஒரு புலத்தில் பதிந்து, மதிப்பை இன்னொரு புலத்தில் பதியுங்கள்.

சொல் விடுபடுவது வேறு விஷயம். ‘ஃபார்ட்டி செவன் ஃபைவ் ஹண்ட்ரட் எய்ட்டி’ என்று எழுதி, நடுவில் ஆயிரம் என்ற சொல்லை விட்டிருந்தால், எழுதியவர் என்ன நினைத்தார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனாலும் அதை நிரப்புவது நம் வேலை இல்லை. கொடி போட்டு அனுப்புங்கள்.

எய்ட், எய்ட்டி ஜோடியிலும் சிக்ஸ், சிக்ஸ்டி ஜோடியிலும் இன்னும் கவனம் வேண்டும். சொல்லின் வாலில் ஓரிரு எழுத்தைச் சேர்த்தால் தொகை பத்து மடங்காகிறது. அந்த வால் மட்டும் நெருக்கிக்கொண்டு நிற்கிறதா, மசியின் அடர்த்தி மாறுகிறதா, அடுத்த சொல்லை இடிக்கிறதா என்று பாருங்கள். எண் பெட்டியில் அதற்கு இணையான கடைசிச் சுழியும் அப்படி நெருக்கிக்கொண்டு நின்றால், இரண்டும் பொருந்தினாலும் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டியதுதான்.

தமிழில் எழுதிய தொகையை எப்படிப் படிக்கணும்?

ஆங்கிலத்தில் ஃபிஃப்டி, ஃபிஃப்டீன் என்றால் தமிழில் வேறு ஜோடிகள். எழுபதும் எழுநூறும், எண்பதும் எண்ணூறும், தொண்ணூறும் தொள்ளாயிரமும். இவை பத்து மடங்கு வித்தியாசப்படுபவை, அதனால் மோசமானவை. தொண்ணூறு என்பதில் ‘நூறு’ போன்ற ஒலி இருப்பதால், மங்கிய படத்தில் அவசரமாகப் பார்த்தால் நூற்றிடத்துக்குப் போய்விடும்.

எண்பெயர்கள் ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில் ‘அத்து’ என்ற ஒட்டைத் தேடுங்கள். ‘ஆயிரம்’ என்று முடிந்தால் அதோடு தொகை முடிந்தது. ‘ஆயிரத்து’ என்று இருந்தால் பின்னால் இன்னும் வர வேண்டும். பின்னால் எதுவும் இல்லை என்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது படம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. ‘நூற்று’, ‘லட்சத்து’ ஆகியவற்றுக்கும் இதே கதைதான். ஐயாயிரம் என்பது 5,000, ஆயிரத்து ஐந்து என்பது 1,005. இரண்டிலும் அதே சொற்கள், வரிசைதான் வேறு. சொற்களைப் பிரித்துக் கூட்டும் மென்பொருள் எழுதுபவர்கள் இந்த வரிசையைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஐநூறு, ஐந்நூறு, நூத்தி, நூற்றி என்று எழுதும் முறை ஆளுக்கு ஆள் மாறும். அவை எல்லாம் ஒரே மதிப்புதான்.

ஒருத்தர் 1,25,000ன்னு எழுதுறார், இன்னொருத்தர் 125,000ன்னு எழுதுறார். ஒப்பிடும்போது தகராறு வராதா?

கமாவோடு ஒப்பிட்டால் வரும். கமாவை எடுத்துவிட்டு, தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகுக்கு, அதாவது பைசாவுக்கோ செண்டுக்கோ மாற்றி முழு எண்ணாக ஒப்பிடுங்கள். கமா தவறான இடத்தில் விழுந்திருந்தாலும் இலக்கங்கள் மாறவில்லை என்றால் தொகை மாறவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில ஐரோப்பிய நாடுகளில் கமாதான் தசமப் புள்ளி, புள்ளிதான் ஆயிரப் பிரிப்பு. அங்கே 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அந்தக் காசோலைகள் கலந்து வரும் இடத்தில், எந்த நாட்டுக் காசோலை என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் கமாவில் கை வைக்க வேண்டும்.

இரண்டும் பொருந்தலைன்னா, தப்பு காசோலையிலா, நம்ம டைப்பிங்கிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கவோ, ஒரு சுழி கூடிக் குறைந்திருக்கவோ வாய்ப்பு அதிகம். எழுத்தில் 5,940, எண்ணில் 5,490 என்றால் வித்தியாசம் 450, அது 9இன் 50 மடங்கு. 9உம் 4உம் இடம் மாறியிருக்கின்றன. 5,490க்குப் பதில் 54,900 என்று அடித்தாலும் வித்தியாசம் 9ஆல் வகுபடும். கணக்குப் பிள்ளைகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் சோதனை இது.

இந்தச் சோதனை எந்த வகைப் பிழை என்றுதான் சொல்லும், யாருடைய பிழை என்று சொல்லாது. அதற்குப் படத்துக்கே திரும்பிப் போக வேண்டும். முதலில் அடித்தவர் அல்லாத இன்னொருவர், முதல் பதிவைப் பார்க்காமல், மறுபடி படித்து அடிக்கட்டும். அவருக்கும் அதே முரண்பாடு வந்தால் அது காசோலையில் இருக்கிறது.

படம் வெளிறிப்போய் இருக்கு. பாதி எழுத்து காணோம். காசோலையே அப்படித்தானா?

பெரும்பாலும் இல்லை. ஒரே காசோலைக்குப் பல படங்கள் எடுக்கப்படுகின்றன. இந்தியாவின் காசோலைப் பட முறையில் முன்பக்கத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளையில் ஒன்று என மூன்று வரும். சாம்பல் படம் அங்குலத்துக்கு 100 புள்ளி, கறுப்பு வெள்ளைப் படம் 200 புள்ளி. கறுப்பு வெள்ளைப் படத்தில் கோடுகள் கூர்மையாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று ஸ்கேனர் முடிவு செய்துவிடுவதால், வெளிர்ந்த மசியில் எழுதியது அப்படியே மறைந்துபோகும். தசமப் புள்ளியும், 7இன் மெல்லிய தலைக்கோடும்தான் முதலில் போகும். பின்னணி அச்சு அடர்த்தியாக இருந்தால் எதிர்மாறாக, இல்லாத புள்ளிகள் முளைக்கும்.

சந்தேகம் வந்தால் சாம்பல் படத்துக்கு மாறுங்கள். கறுப்பு வெள்ளையில் 1 ஆகத் தெரிந்தது சாம்பலில் 7 ஆக இருந்தால், சாம்பலில் இருப்பதைப் பதியுங்கள். மசியின் நிற அடர்த்தி மாறியதும் சாம்பலில்தான் தெரியும்.

தேதி 03/04 என்று இருந்தால் எந்த மாதம்?

படத்தில் உள்ள எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அச்சிட்ட பெட்டிகளில் நாள், மாதம், ஆண்டு என்று குறி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கனடாவில் எண்ணால் எழுதும் தேதிக்குக் கீழே இப்படிக் குறி இருக்க வேண்டும் என்றே தரவிதி இருக்கிறது. குறி இல்லை என்றால் காசோலை எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு வழக்கம்: இந்தியா, பிரிட்டனில் நாள் முதலில், அமெரிக்காவில் மாதம் முதலில். எழுதியிருப்பதை அப்படியே ஒரு புலத்திலும், புரிந்துகொண்ட தேதியை இன்னொன்றிலும் பதியுங்கள்.

காலாவதி ஆகிவிட்டதா என்பதைக் கணினி கணக்கிடட்டும். இந்தியாவில் 2012 ஏப்ரல் 1 முதல், 3 மாதம் கடந்த காசோலைக்கு வங்கி பணம் தரக்கூடாது. அமெரிக்காவில் 6 மாதம் கடந்தால் வங்கி பணம் தர வேண்டிய கட்டாயமில்லை. ஜனவரியில் வரும் காசோலைகளில் பழக்கதோஷத்தில் போன ஆண்டை எழுதியிருப்பார்கள். பார்த்தவுடன் புரியும், ஆனாலும் திருத்தாதீர்கள். ஜூன் 31 என்று இருந்தாலும் அப்படியே அடித்து, இல்லாத தேதி என்று கொடி போடுங்கள்.

பெறுநர் பெயரைத் திருத்தி எழுதலாமா? பட்டியலில் சரியான பெயர் இருக்கே.

வேண்டாம். பட்டியலிலிருந்து பெயரை நிரப்பித் தரும் வசதி இந்த இடத்தில் ஆபத்தானது. முதல் நான்கு எழுத்து அடித்ததும் ஒரு பெயர் வந்து நிற்கும், கை தானாக ஏற்றுக்கொள்ளும், காசோலையில் இருந்த வேறு தலைப்பெழுத்து காணாமல் போகும். பெயரை எழுத்துக்கு எழுத்து உள்ளபடி அடியுங்கள். கணக்கில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா என்பது அடுத்த கட்டம், அதை வேறு ஆள் பார்க்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் இடத்தை நிரப்ப இழுத்த கோடும், வரியின் முடிவில் அச்சிட்டிருக்கும் ‘அல்லது கொணர்பவருக்கு’ என்ற சொற்களும் பெயரின் பகுதி இல்லை. ஆனால் அந்தச் சொற்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதைத் தனிப் புலத்தில் பதியுங்கள். இரண்டு பெயர் இருந்தால் நடுவில் இருப்பது ‘மற்றும்’ஆ, ‘அல்லது’ஆ என்பது முக்கியம். முதலாவதில் இருவரும் சேர்ந்து வாங்க வேண்டும், இரண்டாவதில் யாராவது ஒருவர் போதும்.

பெயரில் அடித்தல் திருத்தல் இருந்தால் கட்டாயம் குறியுங்கள். இந்தியப் பட முறையில் தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு திருத்தம் எதுவும் ஏற்கப்படுவதில்லை, பக்கத்தில் கையெழுத்து இருந்தாலும்கூட.

கணக்கு எண்ணை அடிவரியில் இருந்து எடுக்கலாமா?

நாட்டைப் பொறுத்தது. காசோலையின் அடியில் காந்த மசியில் அச்சிட்ட வரி இரண்டு வகை எழுத்துருவில் வரும். இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் `E-13B`, பிரான்சில் `CMC-7`. அமெரிக்கக் காசோலையில் முழுக் கணக்கு எண்ணும் அந்த வரியிலேயே இருக்கும். இந்தியக் காசோலையில் 6 இலக்கக் காசோலை எண், 9 இலக்க வங்கிக் குறியீடு, 6 இலக்கச் சுருக்க எண், 2 இலக்கப் பரிவர்த்தனைக் குறியீடு என்று வரும். அந்த 6 இலக்கச் சுருக்க எண் முழுக் கணக்கு எண் இல்லை. முழு எண் காசோலையின் நடுப்பகுதியில் தனியாக அச்சாகியிருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். 9 இலக்கத்தில் முதல் மூன்று நகரம், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை.

கையெழுத்தின் வால் அந்த வரிமேல் விழுந்தாலும் காந்தக் கருவி அதைத் தாண்டிப் படித்துவிடும், ஏனென்றால் சாதாரண மசியில் காந்தத் தன்மை இல்லை. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே காந்தக் கருவி படித்ததும் படத்தில் தெரிவதும் வேறுபட்டால், உடனே படத்துக்குச் சாதகமாக முடிவெடுக்காதீர்கள்.

அமெரிக்க வங்கிக் குறியீட்டின் 9 இலக்கத்தில் சரிபார்ப்பு உள்ளேயே இருக்கிறது. இலக்கங்களை முறையே 3, 7, 1 என்று திரும்பத் திரும்பப் பெருக்கிக் கூட்டினால் 10ஆல் வகுபட வேண்டும்.

```python
def ok(r):
    w = [3, 7, 1] * 3
    return sum(int(d) * k for d, k in zip(r, w)) % 10 == 0

ok("123456780")   # True  (150)
ok("123546780")   # False (146)
```

இரண்டாவதில் 4உம் 5உம் இடம் மாறியதை அது பிடித்துவிட்டது. ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால், உதாரணமாக 2உம் 7உம் இடம் மாறினால், இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதனால் சோதனை தேறியதை வைத்து மட்டும் விட்டுவிடாமல், அச்சில் இருக்கும் வங்கிப் பெயரோடும் ஒரு முறை ஒப்பிடுங்கள்.

பெறுநரின் கணக்கு எண் பெரும்பாலும் பின்பக்கத்தில், கையால் எழுதப்பட்டிருக்கும். அதையும் எழுதிக்கொடுத்தவரின் கணக்கு எண்ணையும் ஒரே திரையில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயரில்லாத புலங்களில் கேட்கும் மென்பொருள் இருந்தால், அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பின்பக்கப் படத்துக்குப் பக்கத்தில் பெறுநர் கணக்கும், முன்பக்கப் படத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தவர் கணக்கும் இருந்தால் இடம் மாறிப் பதிவது பெருமளவு நின்றுவிடும்.